ஊர்ப்பெயர் எப்போது வணிகப்பெயராகும்?

சித்தூர் மாம்பழக் கூழுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு சிறு நிறுவனம் 'சித்தூர்' என்பதையே தன் கூழின் வணிகக்குறியாகக் கோருவதாகக் கொள்வோம். அச்சொல் விற்பவரைக் காட்டாமல் விளைந்த இடத்தையே காட்டுகிறது என்று, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி பதிவகம் ஆட்சேபிக்கும். ஒரு மாதத்துக்குள் விடையளிக்க வேண்டும்.

ஊரின் பெருமையை விரித்துரைக்கும் விடை ஆட்சேபத்தையே வலுப்படுத்தும். சிகரெட்டுக்கு 'சிம்லா' என்ற பெயர் மறுக்கப்பட்டதைக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 1977இல் உறுதிசெய்தது.

விண்ணப்ப நாளுக்கு முன்பே, பயன்பாட்டால் அப்பெயர் ஒரே விற்பனையாளரைச் சுட்டுவதாகியிருந்தால் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே பிரமாணப் பத்திரத்துடன், திருப்பதிக் கடைகளுக்கு விற்றபோது குறியை அச்சிட்டு அளித்த பழைய விற்பனைச் சீட்டுகளும் ஆண்டுவாரி விற்பனைக் கணக்கும் வேண்டும். பிந்திய சீட்டுகள் இதற்கு உதவா. வழக்கே சொற்பொருளை மாற்றுகிறது. இங்கே அதற்குச் சான்று விற்பனைச் சீட்டே.