புகைமூட்டத்தை அளக்குமா கைப்பேசிப் படம்?

அண்மையில் ஒரு காலை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தை இரண்டு படங்களை ஒட்டி அனுப்பியிருந்தார். இடப்பக்கம் ‘நேற்று’, வலப்பக்கம் ‘இன்று’. நேற்றைய படத்தில் அத்தை வீட்டுச் சன்னலுக்கு வெளியே உள்ள புளோக்குகள் துல்லியமாகத் தெரிந்தன. இன்றைய படத்தில் எல்லாம் வெளிறி, மஞ்சள் படிந்து, தொலைவில் இருந்த கட்டடங்களையே காணவில்லை. “புகைமூட்டம் வந்துவிட்டது, தம்பியைக் காற்பந்துப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்” என்று கீழே எழுதியிருந்தார். தம்பிக்கு ஆஸ்துமா உண்டு. அம்மா உடனே பயிற்றுநரை அழைக்கக் கைப்பேசியை எடுத்துவிட்டார்.

நான் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேற்கு வட்டாரத்தில் ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு முந்திய நாளைப் போலவே சாதாரண நிலையில்தான் இருந்தது. அப்படியானால் அத்தையின் படம் பொய்யா? இல்லை. அவர் எதையும் திருத்தவில்லை. நேற்றைய படத்தை மாமாவின் கைப்பேசியிலும் இன்றைய படத்தைத் தம்முடைய கைப்பேசியிலும் எடுத்திருந்தார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு புகைமூட்டக் காலத்திலும் இத்தகைய இரட்டைப் படங்கள் வலம் வருகின்றன. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள, எங்கள் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்தேன். நாங்கள் இருப்பது ஜூரோங் ஈஸ்ட்டில், பன்னிரண்டாம் மாடியில். தாழ்வாரத்தில் நின்றால் எதிர் புளோக் ஏறக்குறைய நூறு மீட்டரில் இருக்கிறது. அதற்கு அப்பால், வடகிழக்கில், சுமார் நான்கரை கிலோமீட்டர் தொலைவில் புக்கிட் தீமா குன்று தெரியும். கையில் இரண்டு கைப்பேசிகள்: சில ஆண்டுகள் பழைய என் கைப்பேசி, அக்காவின் புதிய கைப்பேசி.

முதலில் என் கைப்பேசியில் மட்டும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு படங்கள் எடுத்தேன். முதல் படத்தில் சட்டகம் முழுவதும் வானமும் குன்றும். இரண்டாம் படத்தில் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றேன். நிழலில் இருந்த தாழ்வாரச் சுவரும் அம்மாவின் பூச்செடிகளும் சட்டகத்தில் பாதியை நிரப்பின. முதல் படத்தில் குன்று சாம்பல் நிறத்தில், தெளிவான விளிம்புடன் தெரிந்தது. இரண்டாம் படத்தில் குன்றே இல்லை. அது இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. ஒரு நிமிடத்தில் புகை வந்திருக்க முடியாது.

படத்தின் விவரங்களைத் திறந்தால் காரணம் புரிந்துவிடும். இரண்டிலும் ஐஎஸ்ஓ 50, வில்லைத் துளையும் ஒன்றே. ஆனால் முதல் படத்தின் திறப்பு நேரம் 1/1200 வினாடி, இரண்டாவது 1/150 வினாடி. அதாவது இரண்டாம் படத்தில் எட்டு மடங்கு ஒளி உணரியில் விழுந்திருக்கிறது. கேமரா தான் காணும் காட்சியின் சராசரி வெளிச்சத்தை ஒரு நடுத்தரச் சாம்பல் நிலைக்குக் கொண்டுவர முயல்கிறது. சட்டகத்தில் இருண்ட சுவர் நிறைந்திருந்தால், அதைக் காட்டுவதற்காகக் கூடுதல் ஒளியை வாங்குகிறது. ஏற்கெனவே வெளிச்சமாக இருக்கும் வானமும், அதைவிடக் கொஞ்சமே இருண்ட தொலைதூரக் குன்றும், உணரி தாங்கக்கூடிய உச்சத்தைத் தாண்டிவிடுகின்றன. உச்சத்தைத் தாண்டிய எல்லாமே ஒரே வெள்ளைதான். தொலைவில் உள்ளவை மறைவதைத்தான் நாம் ‘புகை’ என்று படிக்கிறோம். இங்கே அவற்றை மறைத்தது ஒளியளவு.

அத்தையின் ‘இன்று’ படத்தை மீண்டும் பார்த்தேன். சன்னல் கம்பிகளும் திரைச்சீலையும் சட்டகத்தில் பெரும்பகுதியை அடைத்திருந்தன. ‘நேற்று’ படத்தில் அவை இல்லை.

அடுத்து, இரண்டு கைப்பேசிகளையும் அருகருகே வைத்து ஒரே நேரத்தில், தாழ்வாரச் சுவரும் சட்டகத்தில் இருக்கும்படி எடுத்தேன். என்னுடையதில் குன்று மங்கல். அக்காவுடையதில் குன்று தெளிவு, மரங்களின் பச்சைகூடத் தெரிந்தது. புதிய கைப்பேசிகள் ஒரே சொடுக்கில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாக்குகின்றன. பிறகு வெளிச்சமான பகுதியை அடக்கி, இருண்ட பகுதியை உயர்த்தி, மங்கலான இடங்களில் வேறுபாட்டைக் கூட்டுகின்றன. பயணப் படங்களுக்கு இது நல்லது. ஆனால் புகைமூட்டம் என்பதே தொலைதூரப் பொருளுக்கும் வானத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு குறைவதுதான். அந்த வேறுபாட்டைத் தானாகக் கூட்டும் கருவி, புகையில் ஒரு பகுதியைப் படத்திலிருந்து துடைத்துவிடுகிறது. காற்றில் துகள்கள் அப்படியே இருக்கும்.

ஆகவே தவறு இரண்டு பக்கமும் நேரலாம். இல்லாத புகையைப் படம் காட்டலாம், இருக்கும் புகையை மறைக்கவும் செய்யலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

மூன்றாவது, நிறம். அத்தையின் படத்தில் இருந்த மஞ்சள்தான் எல்லாரையும் பயமுறுத்தியது. கைப்பேசியின் புரோ முறையில் வெண்சமநிலையை நாமே அமைக்கலாம். நடுப்பகல் வெயிலுக்கு ஏறக்குறைய 5500K, மேகமூட்டத்துக்கும் நிழலுக்கும் அதைவிட உயர்ந்த எண். ஒரே காட்சியை 5500K அமைப்பிலும் 7000K அமைப்பிலும் எடுத்தேன். முதலாவதில் வானம் நீலம் கலந்த சாம்பல். இரண்டாவதில் அதே வானம் பழுப்பு மஞ்சள். தானியங்கி முறையில் இந்த எண்ணைக் கைப்பேசியே ஊகிக்கிறது, ஒவ்வொரு நிறுவனமும் வேறு விதமாக ஊகிக்கிறது. அது பயன்படுத்தும் பழைய ஊகங்களில் ஒன்று, ஒரு காட்சியின் எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வரும் என்பது. சட்டகத்தில் நீலத் திரைச்சீலை நிறைந்திருந்தால், ஒளியே நீலம் என்று எண்ணி, ஈடுகட்ட மஞ்சளைச் சேர்த்துவிடக்கூடும். அத்தை வீட்டுத் திரைச்சீலை நீலம்!

இதன் மறுபக்கத்தை உலகம் 2020 செப்டம்பர் 9ஆம் தேதி கண்டது. அமெரிக்காவில் காட்டுத்தீப் புகையால் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டார வானம் பகலிலேயே ஆரஞ்சு நிறமானது. வெளியே வந்து படமெடுத்த பலருக்கு ஏமாற்றம்: கைப்பேசியில் வானம் வெறும் சாம்பலாகப் பதிவானது. காட்சி முழுவதும் ஆரஞ்சாக இருந்ததால், அதை ஒளியின் கோளாறு என்று கருதிய தானியங்கி வெண்சமநிலை, அதைத் ‘திருத்தி’விட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2019 செப்டம்பரில், சுமத்ராவின் முவாரோ ஜாம்பியில் பகல் வானம் சிவந்த படங்கள் வெளிவந்தபோது, வண்ணம் சேர்த்த படங்கள் என்று சிலர் சந்தேகித்தார்கள். ஆனால் நிகழ்வு உண்மையானது. புகைத்துகள்கள் ஒளியைச் சிதறடித்த விதமே காரணம் என்று இந்தோனீசிய வானிலை அமைப்பு விளக்கியது. படத்தின் நிறத்தை மட்டும் பார்த்து நம்புவதும் தவறு, நம்ப மறுப்பதும் தவறு.

கேமராவுக்கு வெளியேயும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அன்று மாலை ஐந்து மணிக்கு, காலையில் வைத்த அதே அமைப்புகளுடன் குன்றை மீண்டும் எடுத்தேன். மிகத் தெளிவாக இருந்தது. காற்று சுத்தமாகிவிட்டதா? வாரியத்தின் அளவில் பெரிய மாற்றமில்லை. காலையில் சூரியன் குன்றின் பக்கம், எனக்கு எதிரே இருந்தது. மாலையில் என் முதுகுக்குப் பின்னால். நுண்துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் அது செல்லும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கும். அதனால் சூரியனை நோக்கிப் பார்க்கும்போது அதே புகை பளிச்சென்று திரையாகத் தெரியும். காரின் அழுக்கான முன்கண்ணாடி எதிர்வெயிலில் மட்டும் கண்ணை மறைப்பதும் இதனால்தான். போதாக்குறைக்கு, ஈரப்பதம் மிகுந்த காலை வேளையில் துகள்கள் நீரை ஈர்த்துப் பெருத்து, ஒளியை இன்னும் கூடுதலாகச் சிதறடிக்கும். ‘நேற்று மாலை, இன்று காலை’ என்ற ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணலானது.

அப்படியானால் நியாயமாக ஒப்பிட வழியே இல்லையா? ஓரளவு இருக்கிறது. ஒரே கைப்பேசி, ஒரே வில்லை, ஒரே இடம், ஒரே மணி. புரோ முறை இருந்தால் வெண்சமநிலையை 5500K என்று நிறுத்தி, ஐஎஸ்ஓவையும் திறப்பு நேரத்தையும் இரண்டு நாளும் ஒரே எண்ணில் வைக்கலாம். ஐபோனின் வழக்கமான கேமராவில் தொலைதூரக் கட்டடத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ‘AE/AF LOCK’ என்று தோன்றும். குறைந்தது, ஒளியளவு எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதையாவது அப்படி ஒன்றாக்கலாம். சட்டகத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு படங்களிலும் தாளின் நிறம் வேறுபட்டால், வானத்தின் நிறத்தை ஒப்பிடவே கூடாது.

இதைவிட எளிய வழி, ஒரு படத்தை மற்றொரு படத்தோடு ஒப்பிடுவதை விட்டு, ஒரே படத்துக்குள் அருகில் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒப்பிடுவது. புகை தொலைவைப் பொறுத்துக் கூடும், கேமராக் கோளாறு பெரும்பாலும் அப்படிக் கூடாது. எதிர் புளோக் திடமாகத் தெரிந்து, குன்று மட்டும் மங்கினால் இடையில் உள்ள காற்றைச் சந்தேகிக்கலாம். எதிர் புளோக்கே வெளிறி, அதன் நிழல்களும் வெளுத்திருந்தால் முதலில் ஒளியளவைச் சந்தேகிக்க வேண்டும். பிறர் அனுப்பிய படமாக இருந்தால் திறப்பு நேரத்தையும் எடுத்த மணியையும் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் தங்கும்.

இத்தனையும் செய்தாலும் படம் காட்டுவது எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை மட்டுமே. மழைச்சாரலும் காலைப்பனியும் அதே மங்கலைத் தரும். நுரையீரலுக்குள் செல்லும் துகள்களின் எடையைப் படம் அளக்காது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 24 மணி நேரச் சராசரி என்பதால், மறுநாளைத் திட்டமிட அது உதவும். இப்போதே வெளியே ஓடலாமா என்ற கேள்விக்கு ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று தம்பி பயிற்சிக்குச் சென்றான், மூச்சுமருந்தைப் பையில் வைத்துக்கொண்டு. அத்தையிடம் நான் அவர் தவறு செய்தார் என்று சொல்லவில்லை. “அத்தை, நாளைக்கும் இதே கைப்பேசியில், திரைச்சீலையை விலக்கிவிட்டு, இதே எட்டு மணிக்கு எடுங்கள்” என்று மட்டும் கேட்டேன். மறுநாள் படம் வந்தது. தொலைவில் காணாமல்போன கட்டடங்கள் திரும்பி வந்திருந்தன. கீழே அத்தையின் கேள்வி: “இப்போது வாரியத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது?”