பலகையை அழிக்கும் முன்

9x² − 16y² = 144. பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு இது அதிபரவளையம் என்று பார்த்ததுமே தெரியும். a = 4, b = 3, மையத்தொலைத் தகவு 5/4. நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டின் மீது ஜன்னல் வெளிச்சம் விழுந்து, பலகையைப் போனில் எடுத்த படத்தில் அது காணாமல் போனால், தட்டச்சு செய்பவர் இரண்டு உறுப்புகளுக்கும் இடையில் வெற்றிடத்தைப் பார்ப்பார். ஏதோ ஒரு குறி இருந்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கை தானாகக் கூட்டல் குறியைப் போட்டுவிடும். இப்போது அது நீள்வட்டம். a, b மாறவில்லை, தகவு மட்டும் √7/4. இந்தக் கணக்குக்கும் விடை வருகிறது, இதுவும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. அதனால் சரிபார்ப்பவர் கண்ணிலும் படாது. தப்பான கணக்கு தப்பாகத் தெரிந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். சரியாகத் தெரிகிற தப்புதான் அச்சேறும்.

திண்டிவனத்தில் வகுப்பெடுப்பவர் விழுப்புரத்தில் இருக்கும் டி.டி.பி. கடைக்கு வினாத்தாளை அனுப்புவது இப்போது பெரும்பாலும் போன் படமாகத்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவுதான் என்றாலும், ஒரு கணக்குக்காக யாரும் நேரில் போவதில்லை. நம் இதழுக்கு வரும் கணக்குகளும் அப்படித்தான் வருகின்றன. கரும்பலகைப் படங்களில் பெரிய சிக்கல் வராது. டியூஷன் சென்டர்களின் வழவழப்பான வெள்ளைப் பலகைதான் ஆளைக் கவிழ்க்கிறது. அது பாதி கண்ணாடி.

படத்தில் இரண்டு குறைகள் சேர்ந்து வருகின்றன: வெளிச்சத் திட்டு, சாய்வு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நம் வழக்கமான பிழை என்பேன். சாய்வு என்பது எழுத்து இடம் மாறிக் கிடப்பது. பலகையின் நான்கு மூலைகளும் படத்தில் இருந்தால், போனின் ஸ்கேன் வசதியே அதைச் செவ்வகமாக நிமிர்த்திவிடும். வெளிச்சத் திட்டு அப்படியல்ல. அங்கே கேமரா வெறும் வெள்ளையைத்தான் பதிவு செய்திருக்கிறது. மார்க்கர் கோடு பதிவாகவே இல்லை. பிரைட்னெஸ்ஸைக் குறைத்தாலும் கான்ட்ராஸ்டைக் கூட்டினாலும் அது திரும்ப வராது, வெள்ளை சாம்பலாகும், அவ்வளவுதான். ஆகவே மறுபடி எடுக்கும்போது முதலில் திட்டை விரட்ட வேண்டும். அதற்காகக் கொஞ்சம் சாய்வு வந்தாலும் வரட்டும்.

விரட்டுவது எப்படி? டியூப்லைட் என்றால் அணைத்துவிடலாம். ஃபிளாஷ் என்றால் நிறுத்திவிடலாம். நேர் எதிரே நின்று ஃபிளாஷ் போட்டால் அது பலகையில் பட்டு நேராகக் கேமராவுக்கே திரும்பும். ஜன்னலுக்குத் திரை இருந்தால் இழுத்துவிடலாம். எதுவும் முடியாதபோது நாம்தான் நகர வேண்டும். இங்கேதான் பலரும் எதிர்ப்பக்கம் நகர்கிறார்கள்.

பலகையில் தெரியும் திட்டு ஜன்னலின் பிம்பம். நாம் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் இடப்பக்கம் நகரும். ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். பலகையின் அகலம் 2.4 மீட்டர். நடுவுக்கு நேராக 3 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். மாலை வெயில் வரும் ஜன்னல் பின்சுவரில், பலகையிலிருந்து 6 மீட்டரில் இருக்கிறது. எதிரொளிப்பு விதிப்படி, நீங்கள் நகரும் தூரத்தில் 6/(6+3), அதாவது மூன்றில் இரண்டு பங்கு திட்டும் அதே பக்கம் நகரும். திட்டின் அகலம் 40 செ.மீ., அதன் நடு பலகையின் நடுவிலிருந்து இடப்பக்கம் 80 செ.மீ.யில் இருக்கிறது என்று கொள்வோம். இடப்பக்கமே நகர்ந்தால் திட்டை 60 செ.மீ. தள்ளினால் போதும், பலகையை விட்டு வெளியேறிவிடும். அதற்கு நீங்கள் 90 செ.மீ. நகர வேண்டும், சாய்வு 17 பாகை. திட்டிலிருந்து தப்பிப்பதாக நினைத்து வலப்பக்கம் நகர்ந்தால், அது பலகை முழுவதையும் கடந்தாக வேண்டும்: 220 செ.மீ. அதற்கு நீங்கள் 3.3 மீட்டர் போக வேண்டும். பல அறைகளில் அவ்வளவு இடமே இருக்காது. இருந்தாலும் சாய்வு 48 பாகை ஆகிவிடும்; தூரத்து ஓரத்தில் எழுத்து பக்கத்து ஓரத்தை விட மூன்றில் ஒரு பங்கு சிறுக்கும், அகலத்தில் இன்னும் நசுங்கும். 17 பாகையில் அந்தச் சுருக்கம் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான், அதை நிமிர்த்திக்கொள்ளலாம்.

திட்டு எந்த ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கமே நகருங்கள். மேலே கீழேயும் இதே விதிதான். மேல் விளிம்பை ஒட்டி டியூப்லைட் அடித்தால் குனியக் கூடாது, போனைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும்.

திட்டு நட்டநடுவில், பெரிதாக இருந்தால் ஒரே படத்தில் தீராது. இடப்பக்கம் நின்று ஒன்று, வலப்பக்கம் நின்று ஒன்று எடுங்கள். எழுத்து பலகையில் நின்ற இடத்தில் நிற்கும், திட்டு மட்டும் இடம் மாறும். ஒன்றில் மறைந்தது மற்றதில் தெரியும். இரண்டையுமே அனுப்பிவிடுங்கள், ஒட்டிச் சேர்க்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

சாய்விலும் ஒருவகை ஆபத்தானது. பக்கவாட்டில் நிற்பதால் வருவது ஒன்று, போனையே கோணலாகப் பிடிப்பதால் வருவது இன்னொன்று. இரண்டாவதில் வரி முழுதும் ஏறியோ இறங்கியோ ஓடும். x-க்கும் அடுக்கு 2-க்கும் 6 செ.மீ. இடைவெளி இருந்து, வரி 15 பாகை இறங்கினால், அந்த 2 சுமார் 1.6 செ.மீ. கீழே வந்துவிடும். கையால் எழுதும் அடுக்கு பெரும்பாலும் 2, 3 செ.மீ.தான் உயர்ந்திருக்கும். அது x² என்பதா, x-ஐ 2-ஆல் பெருக்கியதா, x₂ என்பதா என்ற குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. போன் கேமராவில் கட்டக் கோடுகளைப் போட்டு, பலகையின் கீழ்ச் சட்டத்தை ஒரு கோட்டோடு பொருத்தி எடுத்தால் இது தீர்ந்தது.

நல்ல படத்தையும் அனுப்பும் விதத்தில் கெடுத்துவிடலாம். 4000 பிக்சல் அகலப் படத்தில் அந்த 2.4 மீட்டர் பலகை முழுதாக நிறைந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 1.7 பிக்சல் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்குகிறது, அப்போது 0.7 கூட இல்லை. இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கழித்தல் குறிக்கு இரண்டு பிக்சல்கூடத் தேறாது. தீர்ந்துபோகும் நிலையில் உள்ள பச்சை மார்க்கரில் எழுதியிருந்தால் சொல்லவே வேண்டாம். டாக்குமெண்டாக அனுப்புங்கள். அல்லது பலகையைப் பாதி பாதியாக, நடுவில் ஒரு சாண் இரண்டிலும் வருமாறு எடுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததா என்று பலகை அழியும் முன்பே பார்த்தாக வேண்டும். முழுப் படத்தைப் பார்த்துத் தெளிவாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளில்லை. விரலால் பெரிதாக்கி, சமக்குறியிலிருந்து தொடங்கி இடமும் வலமும் போய், குறிகளை மட்டும் பாருங்கள்: கூட்டல், கழித்தல், அடுக்கு, தசமப் புள்ளி, வகையீட்டுக்கான f′ மேற்கோடு, மூலக்குறியின் வால் எதுவரை நீள்கிறது என்பது. எண்கள் பெரும்பாலும் தப்பிப்பிழைத்துவிடும், குறிகள்தான் சாகும். படத்தோடு விடையையும் ஒரு வரியில் எழுதி அனுப்பும் பழக்கம் நல்லது. ‘தகவு 5/4’ என்று கீழே இருந்தால், கூட்டல் குறி போட்டவருக்கே √7/4 வந்து உதைக்கும்.

பெறுபவருக்கும் ஒன்று: தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிக் கேளுங்கள். அதற்குள் பலகையை அழித்துவிட்டார்கள் என்றால், அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு பிள்ளைகளின் நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அச்சுக்கு விடலாம். போகாவிட்டால் அந்தக் கணக்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள்.