வரவும் செலவும்: சம்பளச் சீட்டில் இரண்டு வரிகள்



எங்கள் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் தீபாவளி என்றால் புதுச்சேலைக்கு முன்னதாக நினைவுக்கு வருவது தீபாவளி முற்பணம்தான். பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன்பு கையில் ஒரு தொகை வரும். அடுத்த மாதத்திலிருந்து சம்பளச் சீட்டில் ஒரு வரியாக அது திரும்பப் போய்க்கொண்டிருக்கும். அம்மா கொழுந்து பறித்த காலத்தில் சம்பள நாளன்று வீட்டுக்கு வந்ததும் காசை எண்ணமாட்டார். என்னைக் கூப்பிட்டுச் சீட்டை வாசிக்கச் சொல்வார். "கையில வந்தத எவனும் எண்ணுவான் புள்ள. வராததத்தான் எண்ணணும்" என்பார்.

அம்மாவுக்கு அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. இந்தியாவிலிருந்து எங்கள் முன்னோர்கள் கங்காணிமாரோடு வந்தபோது வழிச்செலவே முற்பணமாக அவர்கள் தலையில் எழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குப் போவதானால் அந்தக் கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாக எழுதிய 'துண்டு' வேண்டும். கடன் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று தொழிலாளிக்குத் தெரியாது. 1921 ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும் மிச்சம் எவ்வளவு என்று தெரியாத கடன் முடிவதில்லை என்ற பாடம் எங்கள் வீடுகளில் தங்கிவிட்டது.

இன்று உங்களில் பலர் சங்கங்களிலும் முன்பள்ளிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் மாதச் சம்பளத்திற்கு வேலை செய்கிறீர்கள். அவசரத்திற்குச் சம்பள முற்பணம் வாங்குகிறீர்கள், பயிற்சிக்கென்று வெளியூர் போய் வந்து செலவைக் கேட்கிறீர்கள். இவை இரண்டிலும் எனக்கு நேர்ந்ததை இம்மாதம் சொல்கிறேன். நான் வேலை செய்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். தவறு செய்தவர் கெட்டவரும் அல்ல, புதிதாக வந்த ஒரு தம்பி.

2023 சனவரியில் அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக 30,000 ரூபா முற்பணம் கேட்டேன். என் சம்பளம் அப்போது 40,000 ரூபா. மாதம் 5,000 வீதம் ஆறு தவணையில் கழிப்பதென்று எழுதிக் கையொப்பமிட்டேன். பெப்ரவரிச் சம்பளத்தில் முதல் தவணை, யூலையில் கடைசித் தவணை. அந்தக் கடிதத்தில் நான்கு விடயங்கள் இருந்தன: மொத்தத் தொகை, தவணைத் தொகை, தொடங்கும் மாதம், முடியும் மாதம். முடியும் மாதத்தை எழுதாமல் ஒப்பமிடாதீர்கள். திட்ட வேலையில் இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே தவணைகள் முடிகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் முழுவதும் கடைசிச் சம்பளத்தில் ஒரேயடியாக விழும்.

பெப்ரவரிச் சம்பளச் சீட்டு வந்தது. கையில் 32,200 ரூபா. நான் வீட்டில் போட்டுவைத்த கணக்கோ 31,800. நானூறு ரூபா கூடுதலாக வந்திருக்கிறதே என்று முதலில் மனதுக்குள் சந்தோசம்தான். பிறகு அம்மா சொன்னது ஞாபகம் வந்து வரிவரியாகப் பார்த்தேன். ஊழியர் சேமலாப நிதி என்ற வரியில் 3,200 இருக்க வேண்டிய இடத்தில் 2,800 என்று இருந்தது.

நடந்தது இதுதான். சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 கழிக்கப்படும். தொழில்தருநர் தம் கையிலிருந்து நூற்றுக்கு 12 சேர்த்து அனுப்ப வேண்டும். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3, அதுவும் தொழில்தருநருடையதே. அந்தத் தம்பி 40,000 இலிருந்து முற்பணத் தவணை 5,000 ஐ முதலில் கழித்துவிட்டு, மிச்சமான 35,000 ஐ என் சம்பளமாக வைத்து இந்த வீதங்களைக் கணக்கிட்டிருந்தார்.

அது பிழை. நான் அந்த மாதம் உழைத்தது 40,000 தான். 5,000 ரூபா என் உழைப்பிலிருந்து நான் கட்டிய கடன். அதனால் உழைப்பு குறைந்துவிடாது. சரியான வரிசை முழுச் சம்பளம், அதன் மேல் சேமலாப நிதி, அதற்குப் பிறகே முற்பணத் தவணை. 40,000 இலிருந்து 3,200 உம் 5,000 உம் போனால் 31,800.

"அக்கா, உங்களுக்கு நானூறு லாபம்தானே?" என்றார் தம்பி. லாபமில்லை. என் பக்கத்து நானூறு கையில் வந்தது உண்மை. ஆனால் தொழில்தருநர் என் பெயருக்குச் சேர்க்க வேண்டிய 4,800 உம் 4,200 ஆகக் குறைந்துவிட்டது. நம்பிக்கை நிதியிலும் 1,200 க்குப் பதில் 1,050. மாதம் 750 ரூபா எனக்கு வர வேண்டியது வராமலே போகிறது. ஆறு மாதத்திற்கு 4,500. நான் பார்க்காமல் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திராது. ஏனென்றால் கையில் குறைந்தால்தான் நாம் கேட்போம், கூடினால் கேட்கமாட்டோம்.

நல்ல வேளையாக ஒரு மாத நிதிப்பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் அனுப்பினால் போதும். அதற்குள் திருத்தி முழுத்தொகையும் அனுப்பினார்கள். என் பக்கத்து 400 ஐ மார்ச் சம்பளத்தில் கூடுதலாகக் கழித்தார்கள், நானும் சம்மதித்தேன். நீங்களும் உங்கள் சீட்டில் சேமலாப நிதி வரியை, முற்பணம் வாங்குவதற்கு முந்திய மாதத்துச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். சம்பளம் மாறாமல் அந்த வரி மட்டும் குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

இனிப் பயணக் கதை. மார்ச் மாதம் வவுனியாவில் இரண்டு நாள் பயிற்சி. கந்தப்பளையிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து கண்டி, கண்டியிலிருந்து வவுனியா என்று மூன்று பஸ். முன்கூட்டிப் பணம் ஏதும் வாங்காமல் என் கைக்காசில் போய்வந்தேன். திரும்பியதும் கோரிக்கைப் படிவத்தில் இப்படி எழுதினேன்: பஸ் போகவர 1,860, ஆட்டோ 1,500, ஓரிரவு தங்கியது 3,500, இரண்டு நாள் சாப்பாட்டுக் கொடுப்பனவு 2,400. மொத்தம் 9,260 ரூபா.

எனக்குக் கிடைத்தது 7,360. அனுமதிக்கப்படாத தொகை 1,900. கோபத்தோடு போய்க் காரணம் கேட்டேன். கணக்காளர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆட்டோவில் 600 ரூபா, மாலையில் நான் சித்தி வீட்டுக்குப் போய்வந்தது. ஊர் பெயரை நானே எழுதியிருந்தேன். அது அலுவலக வேலை அல்ல. சாப்பாட்டில் 800 ரூபா, பயிற்சி நடத்தியவர்களே இரண்டு நாளும் பகலுணவு தந்ததால் நாளுக்கு 400 வீதம் குறைத்தது. தங்குமிடத்தில் 500 ரூபா, எங்கள் அலுவலக விதிப்படி ஓரிரவுக்கு 3,000 தான் எல்லை.

முதல் இரண்டும் நியாயம், ஒப்புக்கொண்டேன். மூன்றாவதுக்கு மட்டும் வாதாடினேன். மலிவான இடம் அன்று நிரம்பியிருந்தது உண்மை. ஆனால் அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லி அனுமதி கேட்டு, அதை ஒரு குறுஞ்செய்தியாகவாவது வாங்கியிருக்க வேண்டும். செலவழித்த பிறகு சொன்ன காரணத்தை அவர்கள் ஏற்கவில்லை. அந்த 500 என் கவனக்குறைவின் விலை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஏப்ரல் சம்பளச் சீட்டில் முற்பணத் தவணை 5,000 இன் கீழே இன்னொரு வரி இருந்தது: 'பயணம், அனுமதிக்கப்படாதது, 1,900.'

ஏற்கெனவே எனக்குத் தராத 1,900 ஐ, இப்போது சம்பளத்திலிருந்தும் எடுத்திருந்தார்கள். ஒரே தொகைக்கு இரண்டு முறை என் கை கடித்தது.

ஏன் இப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. அலுவலகத்தில் அநேகர் போகும்போதே பயண முற்பணம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். ஒருவர் 10,000 வாங்கிப் போய், அனுமதிக்கப்பட்ட செலவு 7,360 ஆனால், மிச்சம் 2,640 ஐ அவர் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் சம்பளத்தில் எடுப்பார்கள். அனுமதிக்கப்படாத 1,900 உம் அந்த மிச்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அலுவலகப் பணம் அவர் கையில் இருப்பதால் அது சரி. நானோ அலுவலகப் பணம் ஒரு சதமும் வாங்கவில்லை. திருப்பித் தர என்னிடம் எதுவுமில்லை. தம்பி இரண்டு வகையையும் ஒன்றாக நினைத்துவிட்டார்.

ஆகவே இந்த வரியைக் கண்டால் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: போகும்போது அவர்கள் காசு என் கையில் இருந்ததா? இருந்தால் கணக்குத் தீர்க்க வேண்டியது நீங்கள். இல்லையென்றால் அனுமதிக்காத தொகை உங்கள் நட்டமாக அங்கேயே முடிந்துவிட்டது, சம்பளச் சீட்டில் அதற்கு இடமே இல்லை. சட்டம் அனுமதித்த கழிப்புகளைத் தவிர வேறெதையும் சம்பளத்திலிருந்து எடுக்கவும் கூடாது.

நான் சத்தம் போடவில்லை. மூன்று தாள்களை எடுத்துக்கொண்டு போனேன்: என் கோரிக்கைப் படிவத்தின் பிரதி, 7,360 பெற்றுக் கையொப்பமிட்ட வவுச்சரின் பிரதி, ஏப்ரல் சம்பளச் சீட்டு. மேசையில் வரிசையாக வைத்தேன். கணக்காளர் பார்த்த இரண்டு நிமிடத்தில் தம்பியைக் கூப்பிட்டார். 1,900 ரூபா அன்று மாலையே வவுச்சர் போட்டுத் திரும்ப வந்தது. தாள் இல்லாமல் போயிருந்தால் அது என் வாயும் அவர் வாயுமாகத்தான் இருந்திருக்கும்.

முற்பணத்திற்கு வீட்டில் ஒரு கொப்பி வைத்திருந்தேன். மாதம், கழித்தது, மிச்சம் என்று மூன்றே பத்திகள். பெப்ரவரி 25,000, மார்ச் 20,000 என்று இறங்கி யூலையில் பூச்சியம் வந்தது. ஓகஸ்ட் சீட்டு வந்த அன்று முதலில் அந்த வரியைத்தான் தேடினேன், அது இல்லை. அம்மா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டைத் தானே கையில் வாங்கினார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்து, "தீர்ந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த இதழில் சந்திப்போம், சகோதரிகளே.