வேலையின்மை ‘பரவுகிறது’ என்போருக்கு

மாவட்டவாரி வேலையின்மை விகிதங்களை வரைபடத்தில் நிறமிட்டு, மோரான் குறியீட்டால் இடஞ்சார் தன்னொட்டுறவை உறுதிசெய்து, உடனே ஸ்பேஷியல் லேக் மாதிரியைப் பொருத்தி, “வேலையின்மை அண்டை மாவட்டங்களுக்குப் பரவுகிறது” என்று முடிவெழுதும் வழக்கம் ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. ‘பரவுகிறது’ என்னும் வினைமுற்றுக்கு அங்கே எழுவாய் உண்டு. எவ்வழியாகப் பரவுகிறது என்பது மட்டும் எங்கும் சொல்லப்படுவதில்லை.

கொச்சியின் பள்ளுருத்தியிலிருந்து தெற்கே இடக்கொச்சியைக் கடந்து பாலம் ஏறினால் காயலுக்கு அப்பால் அரூர். பள்ளுருத்தி எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ளது. கடலுணவு பதப்படுத்தும் ஆலைகள் நிறைந்த அரூர் ஆலப்புழை மாவட்டத்தில். பள்ளுருத்தியில் குடியிருந்து அரூரில் வேலைபார்ப்பவர் எர்ணாகுளத்துத் தொழிலாளராகவே எண்ணப்படுவார். கணக்கெடுப்பு நடப்பது வீட்டு வாசலில், ஆலை வாயிலில் அன்று. அத்தகைய ஆலையொன்று மூடப்பட்டதெனக் கொள்வோம். இரு மாவட்டங்களிலும் வேலையின்மை ஒருசேர உயரும். ஆலப்புழையின் வேலையின்மை எர்ணாகுளத்துக்குத் தாவவில்லை. ஒரே தொழிற்சந்தையை நிர்வாக எல்லை இரண்டாக வெட்டியிருக்கிறது, அவ்வளவே. மோரான் குறியீடு இதையும் தன்னொட்டுறவு என்றே காட்டும். காரணத்தைப் பிரித்தறிவது அதன் வேலையன்று.

பிரித்தறிய வேண்டியவை இரண்டு மாதிரிகள்:

```
y = ρWy + Xβ + ε
y = Xβ + u,  u = λWu + ε
```

முதலாவதில் அண்டை மாவட்டத்தின் வேலையின்மையே காரணமாகிறது. இரண்டாவதில் பொது அதிர்ச்சி பிழையுறுப்பில் தங்குகிறது. வேறுபாடு குறியீட்டோடு முடிவதன்று. ஒன்றுக்கொன்று மட்டுமே அண்டையான இரு மாவட்டங்களை எண்ணிக்கொள்க. ஒரு பயிற்சித் திட்டத்தின் β –1 சதவீதப் புள்ளி; ρ அல்லது λ 0.5. முதல் மாதிரிப்படி, திட்டம் நடந்த மாவட்டத்தில் 1.33 புள்ளியும் மறுகரையில் 0.67 புள்ளியும் குறையும், மொத்தம் 2. இரண்டாவதன்படி மொத்தமே 1, மறுகரையில் ஒன்றுமில்லை. மாதிரித் தேர்வு ஒன்றே திட்டத்தின் பலனை இரட்டிப்பாக்கிவிடுகிறது. (லேக் மாதிரியின் β-வையே முழு விளைவாக வாசிப்போரும் உளர், அது தனிக்கதை.)

“லாக்ராஞ்சுப் பெருக்கிச் சோதனை தீர்ப்புச் சொல்லுமே” என்பர். அச்சோதனை பெருங்கூறுகளுக்கு உரியது. கேரளத்தில் உள்ளவை 14 மாவட்டங்கள். மேலும் சோதனை W-ஐ ஏற்றுக்கொண்டே தொடங்குகிறது. எல்லையொட்டிய W-இல் எர்ணாகுளத்தின் அண்டைகளான திருச்சூர், இடுக்கி, கோட்டயம், ஆலப்புழை நான்கிற்கும் எடை 0.25. நாள்தோறும் ஆள்கள் கடக்கும் அரூர்ப் பாலத்திற்கும் இடுக்கியின் மலையெல்லைக்கும் ஒரே மதிப்பு! இடுக்கியை ஒட்டிய தேனியோ, மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதால் கணக்கிலேயே இல்லை.

உரிய W பணிப்பயண ஓட்டத்திலிருந்து அமைய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் பணியிடம் எவ்வளவு தொலைவு, எவ்வூர்தியில் பயணம் என்பவற்றைத் தருகின்றன. எந்த மாவட்டத்துக்கு என்பதைத் தருவதில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் ஆய்வாளர்கள் வரைபடத்தின் எல்லைக்கோடுகளால் நிரப்பிவிட்டு, பெறப்பட்ட ρ-வுக்குப் ‘பரவல்’ என்று பெயரிடுகிறார்கள்.