கடைசிச் சீட்டு யாருக்கு?



நமது ஊர்களில் சீட்டுக் கட்டாத வீடு குறைவு. பாடசாலை ஸ்டாப் ரூமில் ஒன்று, தெருவில் ஒன்று, மச்சிமார் சேர்ந்து ஒன்று. வட்டி இல்லை, பேங்க் இல்லை, கையெழுத்தும் இல்லை. எல்லோரும் ஒரே தொகை கட்டுகிறோம், எல்லோரும் ஒரே தொகை எடுக்கிறோம். அதனால் இதில் யாருக்கும் கூடுதல் குறைவு இல்லை என்றுதான் நாம் நம்புகிறோம். “எனக்கு அவசரம் ஒண்டும் இல்ல, கடைசிச் சீட்டத் தாங்க, சேமிப்பாக் கிடக்கட்டும்” என்று ராத்தாமார் சொல்வதும் அந்த நம்பிக்கையில்தான்.

ஆனால் முதல் சீட்டும் கடைசிச் சீட்டும் ஒன்றல்ல. தொகை ஒன்று, பெறுமதி வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பார்ப்போம்.

13 பேர், மாதம் 10,000 ரூபா. ஒரு சீட்டு 1,30,000 ரூபா. இந்தச் சீட்டு 2021 செப்டெம்பரில் தொடங்கி 2022 செப்டெம்பரில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வருடத்தில் என்ன நடந்தது என்பதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன்னர் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு அப்போது ஏறக்குறைய 170 ரூபா.

முதலாவது ஆள் எடுத்த 1,30,000 ரூபா முழுப் பெறுமதியோடு அவர் கைக்குப் போனது. கடைசி ஆளும் அதே 1,30,000 ரூபாவைத்தான் எண்ணி எடுத்தார். ஆனால் 1,30,000ஐ 1.698ஆல் பிரித்துப் பாருங்கள். ஏறக்குறைய 76,500 ரூபா வரும். சீட்டுத் தொடங்கிய மாதத்தில் 76,500 ரூபாவுக்கு வாங்கக்கூடியதாக இருந்த சாமான்தான் அவருக்குக் கிடைத்தது.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்பார்: கடைசி ஆளும் மாதாமாதம்தானே கட்டினார், பின்னால் கட்டிய காசும் மலிந்த காசுதானே? நல்ல கேள்வி. ஆகவே 1,30,000க்கும் 76,500க்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதையும் அவருடைய நட்டம் என்று சொல்லக்கூடாது. அவர் முதல் மாதம் கட்டிய பத்தாயிரம் பெறுமதி நிறைந்த பத்தாயிரம். கடைசி மாதம் கட்டியது ஏறக்குறைய 5,900 ரூபாப் பெறுமதியான பத்தாயிரம். விலைகள் 2022 மார்ச்சுக்குப் பிறகுதான் பாய்ந்தன, அதனால் முதல் ஆறு ஏழு கட்டுகள் பெரும்பாலும் நல்ல காசாகவே போயின. எல்லாக் கட்டுகளையும் தொடக்க மாதத்துப் பெறுமதிக்கு மாற்றிக் கூட்டினால் அவர் கட்டியது ஒரு இலட்சத்தைத் தாண்டும். கட்டியது இலட்சத்துக்கு மேல், எடுத்தது 76,500. முதலாவது ஆளும் கட்டியது அதே இலட்சத்துக்குச் சற்று மேல்தான், எடுத்ததோ 1,30,000. ஒருவரும் ஒருவரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒருவரின் காசு இன்னொருவரின் கைக்கு மாறியிருக்கிறது.

“அது கஷ்ட காலம் சேர், இப்ப அப்படி இல்லையே” என்பார்கள். உண்மைதான். 2024 செப்டெம்பரில் அதே சுட்டியில் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே, மறை 0.5 வீதம். சாமான் விலை கூடவில்லை. அப்படியானால் முதலும் கடைசியும் சமமாகிவிட்டதா? இல்லை. விலைவாசி ஒரு காரணம் மட்டும்தான். இன்னும் இரண்டு காரணங்கள் விலைவாசி அசையாவிட்டாலும் இருக்கும்.

ஒன்று, கையில் இருக்கும் காசு வேலை செய்யும். தைக்கத் தெரிந்த ஒரு சகோதரி முதல் சீட்டை எடுத்து நல்லதொரு மெசின் வாங்குகிறார். செலவு போக மாதம் 8,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைப்போம். கடைசிச் சீட்டு விழும்வரை உள்ள 12 மாதங்களில் 96,000 ரூபா. சீட்டுக் கட்டில் பெரும்பகுதியை மெசினே கட்டிவிடும். அதே சகோதரிக்குக் கடைசிச் சீட்டு விழுந்தால் மெசின் ஒரு வருடம் பிந்துகிறது, அந்த 96,000 அவருக்கு வரவே வராது. எங்கேயும் எழுதப்படாத நட்டம் இது. கொப்பியில் அவர் பெயருக்கு நேரே கட்டியதும் எடுத்ததும் சமமாகத்தான் இருக்கும்.

மற்றது, நாளை வரும் காசு வராமலும் போகலாம். சீட்டு எடுத்தவர் வெளிநாடு போய்விடுகிறார், அல்லது வியாபாரம் படுத்து நாலு மாதம் கட்டாமல் இழுக்கிறார். முதலில் எடுத்தவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. அவர் எடுத்தாயிற்று. ஆபத்து முழுவதும் வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் தலையில்தான் விழும். பல இடங்களில் சீட்டுப் பிடிப்பவர் முதல் சீட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். யாராவது கட்டாவிட்டால் தன் கையால் போட்டு நிரப்புவதற்கான கூலி அது என்று பார்த்தால் நியாயம் இருக்கிறது. நிரப்பாத ஆள் முதல் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்வதில் என்ன நியாயம்?

ஏலச் சீட்டில் இந்த உண்மை வெளிப்படையாகவே தெரியும். அவசரக்காரர் 1,30,000 ரூபாச் சீட்டை 1,15,000க்குக் கேட்டு எடுப்பார். தள்ளிய 15,000 மற்றவர்களுக்குப் பங்காகும். காத்திருப்பதற்கு அவர்கள் வைத்த விலை அது. கடன் கொடுக்கல் வாங்கலில் காலத்துக்குக் காசு வாங்குவது வட்டி என்பதால் நம்மில் பலர் இதைத் தவிர்க்கிறோம், அது சரி. ஆனால் அதிலிருந்து “காலத்துக்குப் பெறுமதியே இல்லை” என்ற முடிவுக்குப் போய்விடக்கூடாது. கைக்காசுக்கு ஒரு விலை, தவணைக்கு அதைவிடக் கூடிய விலை என்று பேசி, ஒன்றை முடிவுசெய்து ஒரு பொருளை விற்பதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் அனுமதித்திருக்கிறார்கள். காலத்துக்குப் பெறுமதி உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. கடன் கொடுத்தவர் அந்தப் பெறுமதியை விட்டுக்கொடுக்கிறார். அதனால்தான் அழகிய கடனுக்கு நன்மை.

விட்டுக்கொடுப்பது தெரிந்து செய்வதாக இருக்க வேண்டும். நமது கவலை இங்கேதான். வரிசை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று உங்கள் சீட்டுகளைப் பாருங்கள். குரல் உயர்த்திக் கேட்பவருக்கு முன் நம்பர். பேசக் கூச்சப்படுகிற விதவைச் சகோதரிக்கும் புதிதாக ஊருக்கு வந்த மருமகளுக்கும் பின் நம்பர். ஊரிலேயே காசு குறைந்தவர், அவருக்கே தெரியாமல், மற்றப் பன்னிரண்டு பேருக்கும் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். கல்யாணம், ஒப்பரேஷன் என்று உண்மையான அவசரம் உள்ளவருக்கு எல்லோரும் சம்மதித்து முதல் சீட்டைக் கொடுங்கள். மிச்ச நம்பர்களைக் குலுக்கிப் போடுங்கள். அதே ஆட்கள் அடுத்த சுற்றும் கட்டினால் வரிசையை அப்படியே திருப்புங்கள், கடைசி ஆள் முதலாவதாக வரட்டும். இருபது முப்பது மாதச் சீட்டை ஒன்றாகக் கட்டாமல் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தால் கடைசி ஆள் காத்திருக்கும் காலம் குறையும், கட்டாமல் விடுபவர்களைக் கண்காணிப்பதும் லேசு. காசுக்குப் பதிலாகச் சாமான் வைத்துக் கட்டுகிற சீட்டுகளில், விலை ஏறினால் கட்டும் தொகையும் ஏறுவதால் கடைசி ஆளுக்கும் அதே சாமான் கிடைக்கும். விலை ஓடுகிற காலத்தில் அது நல்ல முறை.

உங்கள் சீட்டில் இப்போது கடைசி நம்பர் யாரிடம் இருக்கிறது, அது அவருக்கு எப்படி விழுந்தது என்று கொமென்ட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.