களவுபோன மடிக்கணினியும் வரைபடத்தில் தெரிந்த வட்டமும்: எமது நிலைப்பாடு

மேய்ஸ் ஹில்லில் காருக்குள் இருந்து எமது பாடசாலையின் மடிக்கணினி களவுபோனதும், அன்றிரவு நடந்ததும் அங்கத்தவர்கள் அறிந்தவை. வரும் பொதுக்கூட்டத்தில் இரண்டு கேள்விகள் முடிவுக்கு வருகின்றன. இரவல் கொடுக்கும் மடிக்கணினிகளில் கமராவோடு கூடிய பின்தொடரும் மென்பொருளைப் போடுவதா என்பது ஒன்று. களவுபோன பொருளின் இருப்பிடம் திரையில் தெரிந்தால் அங்கத்தவர்கள் அங்கே போகலாமா என்பது மற்றது. முதலாவதில் செயற்குழு ஒருமனப்படவில்லை. இரண்டாவதில் ஒருமனதாக நிற்கிறது: போகக்கூடாது.

அன்றிரவு மடிக்கணினியைத் தேடிப் போனவர்கள் கெட்ட எண்ணத்தோடு போனார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குப் பிறகு ஐந்து ஆண்கள் ஒரு தொடர்மாடியில் கதவு கதவாகத் தட்டியதை எந்தச் சொல்லாலும் மெருகூட்ட முடியாது. கதவைத் திறந்த குடும்பத்துக்கும் களவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வீட்டுக்குள் பிள்ளைகள் இருந்தார்கள்.

வரைபடத்தில் தெரிந்த அந்த வட்டம் என்ன சொல்கிறது என்பதை அங்கத்தவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஜிபிஎஸ் இல்லை. சுற்றியுள்ள வைஃபை ரவுட்டர்களைக் கணினி கேட்கிறது. அந்த ரவுட்டர்கள் எங்கே இருக்கின்றன என்று நிறுவனங்கள் முன்பே சேர்த்துவைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, தான் நிற்கும் இடத்தை ஊகிக்கிறது. கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயை ஒட்டிய தொடர்மாடிகளில் ஒரே இடத்தில் பல பத்து ரவுட்டர்கள் இயங்கும். எந்தக் கட்டடம் என்பதைக் கணினி ஓரளவு ஊகிக்கலாம். எந்த மாடி, எந்தக் கதவு என்பது அதற்குத் தெரியாது. வைஃபை பட்டியல் கைகொடுக்காதபோது இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்து இடம் காட்டப்படும். அப்போது புள்ளி பல கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரிலேயே விழலாம். புள்ளியைச் சுற்றி வரும் வட்டம் பிழையின் அளவு. அதன் நடுவில் இருக்கும் வீடு குற்றவாளியின் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் இருக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். அன்று எல்லோருக்கும் அனுப்பப்பட்ட படத்தில் இருந்தது நான்கு மணி நேரம் பழைய இடம். அதை ஒருவரும் வாசிக்கவில்லை.

அமெரிக்காவின் டென்வர் நகரில் 2022 ஜனவரியில் இதே பிழையைப் பொலிஸாரே செய்தார்கள். களவுபோன வாகனம் ஒன்றுக்குள் துப்பாக்கிகளும் ஒரு பழைய ஐபோனும் இருந்தன. போனைத் தேடும் செயலி காட்டிய வட்டம் குறைந்தது ஆறு காணிகளை மூடியிருந்தது. அதில் ஒரு வீட்டைத் தெரிவுசெய்து ஆயுதம் தாங்கிய பொலிஸ் பிரிவை அனுப்பினார்கள். உள்ளே தனியாக இருந்தவர் 77 வயது மூதாட்டி. தேடியது எதுவும் அங்கே கிடைக்கவில்லை. 2024இல் ஜூரி அவருக்கு 37 இலட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

அதே நகரில் 2020 ஓகஸ்டில் நடந்தது இதைவிடக் கொடியது. போனைப் பறிகொடுத்த ஓர் இளைஞன் செயலி காட்டிய வீட்டுக்குக் கூட்டாளிகளோடு போய் நெருப்பு வைத்தான். செனகலில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. போன் அந்த வீட்டில் இருக்கவே இல்லை. எமது அங்கத்தவர்களை அவனோடு ஒப்பிடுவது அநியாயம் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். அதை ஏற்றுக்கொள்கிறோம். நாம் ஒப்பிடுவது ஆட்களை அல்ல, வட்டத்தை நம்பிய விதத்தை. நாம் தட்டியது தவறான வீட்டுக் கதவு. அது சரியான வீடாக இருந்திருந்தால் உள்ளே யார், கையில் என்னவோடு நின்றிருப்பார் என்பதும் எமக்குத் தெரியாது.

எனவே இருப்பிடம் தெரிந்தால் நேரத்தோடும் வட்டத்தோடும் திரையைப் படம் எடுத்து, 131 444 என்ற நியூ சவுத் வேல்ஸ் பொலிஸ் உதவி இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுங்கள். களவு கண்முன்னே நடந்தால் 000. பொலிஸ் உடனே வந்து கதவை உடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வட்டம் மட்டும் போதாது என்று அவர்கள் சொன்னால், மேலே சொன்ன காரணங்களால் அது பெரும்பாலும் சரி.

களவுபோன மடிக்கணினி பொதுவாகத் திரும்பி வராது. விண்டோஸில் Find my device வீட்டுக் கணக்குகளுக்கு மட்டுமே வேலைசெய்யும். அதையும் முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். கள்வன் கணினியைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால் தடயம் அத்தோடு போயிற்று. மக் கணினியின் நிலை சற்று நல்லது. ஆப்பிள் சிப் உள்ளவற்றில் Find My திறந்திருந்தால், துடைத்த பிறகும் உரிமையாளரின் கடவுச்சொல் இன்றி அதை மீண்டும் இயக்க முடியாது. அதனால்தான் கள்வர்கள் ஆப்பிளின் பெயரில் செய்தி அனுப்பிக் கடவுச்சொல் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கணக்கில் இருந்து கணினியை நீக்கவும் வேண்டாம். நீக்கினால் பூட்டும் திறந்துவிடும்.

வட்டைக் குறியாக்கம் செய்தால் கள்வனால் கணினியைத் திறக்க முடியாது. திறக்காவிட்டால் அது பெரும்பாலும் இணையத்துக்கு வராது, தேடுவதும் கடினம். இதற்காகப் பூட்டாத விருந்தினர் கணக்கு ஒன்றைப் பொறியாக விடலாம் என்ற யோசனை வந்தது. செயற்குழுவின் பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. களவுபோன கணினியில் 60 பிள்ளைகளின் முகவரியும் பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் இருந்தன, பூட்டாமல். சாதனத்தின் விலையைப் பற்றி இரண்டு கூட்டம் பேசினோம். பிள்ளைகளின் விபரம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இது எமது தவறு.

கமரா மென்பொருள் பற்றி: பென்சில்வேனியாவின் ஒரு பாடசாலை மாவட்டம் இரவல் கணினிகளின் களவைப் பிடிக்கவென்று வைத்த வசதி, பிள்ளைகளை அவர்கள் வீட்டுக்குள்ளேயே படம் எடுத்தது. அதன் மீதான வழக்கு 2010இல் 610,000 டொலரில் முடிந்தது. இப்போதைக்கு இந்த வசதியை ஆதரிக்கும் நிலையில் செயற்குழு இல்லை.

அதற்குப் பதிலாக, இரவல் கணினி ஒவ்வொன்றும் கொடுக்கப்படுமுன் குறியாக்கம் செய்யப்படும். தேடும் வசதி திறக்கப்படும், அது திறந்திருப்பது பெற்றோருக்கு எழுத்தில் சொல்லப்படும். மீட்புச் சாவி, விண்டோஸ் என்றால் 48 இலக்கம், செயலாளரிடம் தாளில் இருக்கும். தொடர் இலக்கங்களின் பதிவேடு கணினியில் மட்டும் இராது. சொந்தக் கணினி வைத்திருப்போரும் தொடர் இலக்கத்தை இன்றே எழுதி வையுங்கள். அது இல்லாமல் முறைப்பாடு வெறும் கறுப்புக் கணினி என்றுதான் பதிவாகும். விண்டோஸ் பவர்ஷெலில்:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

மக் டேர்மினலில்:

```
system_profiler SPHardwareDataType | grep Serial
```

களவுபோனால் முதலில் வேறொரு கருவியில் இருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் இருந்து வெளியேறுங்கள். மற்றக் கணக்குகளின் சாவி அந்த மின்னஞ்சல்தான். பிறகு கணினியைத் தூரத்தில் இருந்து பூட்டி, பொலிஸுக்குச் சொல்லுங்கள். மக் கணினியைத் துடைக்கும் கட்டளை கடைசியில் வரட்டும். துடைத்த பின் இடம் தெரியாது.

அன்றிரவு கதவைத் திறந்த குடும்பத்திடம் தலைவரும் செயலாளரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள். அவர்களுடைய கட்டடமும் கதவு இலக்கமும் உள்ள படம் இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்கள் போனில் அது இருந்தால் இன்றிரவே அழித்துவிடுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.