மறைந்த வளையமெல்லாம் ஆறிய வளையமல்ல

தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கினிகத்தேனைப் பக்கத்து மலைகளில் நம் பெண்கள் காலையில் இடுப்பில் கட்டும் படங்கை மாலையில்தான் அவிழ்க்கிறார்கள். படங்கு மழையை வெளியே நிறுத்தும், வேர்வையை உள்ளே பிடித்து வைக்கும். அதற்கு மேல் கயிறு இறுக்கிக் கிடக்கும். உள்ளே இருக்கும் துணி நாள் முழுவதும் காய்வதில்லை. இரவு லயத்துக்குள் கொடியில் போட்டாலும் காய்வதில்லை. மறுநாள் அதே ஈரத்தைத்தான் மறுபடி கட்டுகிறோம். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் மார்புக்குக் கீழும் அரிப்போடு வட்டம் வட்டமாகப் படை கிளம்புவது இதனால்தான்.

இதைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. வெட்கம் ஒரு காரணம். "சொறிதானே" என்ற எண்ணம் இன்னொன்று. சென்ற வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கையில் வளையம் கண்டு தாயை வரச் சொன்னேன். அந்த அக்கா தயங்கித் தயங்கித் தன் இடுப்பைக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் இது சங்கத்தின் பிரச்சினை என்று எனக்கு உறைத்தது.

அக்காவுக்கு முதலில் ஐந்து சத அளவில் ஒரு சிவப்பு வட்டம்தான் இருந்திருக்கிறது. டவுன் கடையில், "அரிப்புக்கு மருந்து தாங்க" என்று கேட்டு ஒரு டியூப் வாங்கினார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. ஒரு கிழமையில் வட்டம் மங்கியது. பூசுவதை விட்டார். பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடி பூசினார், மறுபடி மங்கியது. இப்படி நான்கு மாதம். நான் பார்த்தபோது படை இடுப்பைச் சுற்றி முதுகு வரை போயிருந்தது. ஆனால் வளையம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஓரம் கலைந்து, அங்கங்கே சிறு பருக்களோடு, தோல் மெலிந்து கோடு விழுந்திருந்தது.

"மருந்து நல்ல மருந்துதான் டீச்சர். பூசினா கேக்குது. விட்டாத்தான் வருது" என்றார்.

அந்த டியூபில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. அவற்றில் ஒன்று ஸ்டீரொயிட். வினை அதில்தான் இருந்தது.

படர்தாமரை என்பது பங்கசுத் தொற்று. தோலின் மேற்படையில் இருக்கும் கெரட்டின் என்ற பொருளைத் தின்று அது வாழ்கிறது. ஒரு புள்ளியில் தொடங்கி நாலாபுறமும் வெளிநோக்கிப் பரவும். அதனால்தான் வளையம் வருகிறது. பங்கசு மும்முரமாக இருக்கும் ஓரம் சிவந்து, சற்றே மேடாகி, செதில் விடும். அது கடந்து போன நடுப்பகுதி தெளிந்துவிடும். பொதுவாக உடம்பின் ஒரு பக்கத்தில் தொடங்கும். துணி, துவாய், பாய், உடம்புத் தொடுகை வழியாக அடுத்தவருக்குத் தொற்றும்.

எக்சிமா, அதாவது நம் பாட்டிமார் கரப்பான் என்று சொல்வது, தொற்றே அல்ல. தோல் தானாகவோ, சவர்க்காரம் போன்ற ஏதோ ஒன்று பட்டோ அழன்று போவது. பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும்: இரண்டு முழங்கை மடிப்பிலும், இரண்டு முழங்காலின் பின்புறத்திலும், இரண்டு கையிலும். நீர் கசியும், பிறகு தடித்துக் கறுக்கும். சில நேரம் காசு போல வட்டமாகவும் வரும். அப்போது நடுவைப் பாருங்கள். எக்சிமா வட்டத்தில் பெரும்பாலும் நடுவும் ஓரமும் ஒரே மாதிரி சொரசொரப்பாக இருக்கும், நடு தெளிந்திருப்பது குறைவு.

ஸ்டீரொயிட் அழற்சியை அடக்கும் மருந்து. எக்சிமாவுக்கு வைத்தியர் அளவு சொல்லிக் கொடுத்தால் அதுவே சரியான மருந்து. படர்தாமரையில் பூசினால் சிவப்பும் அரிப்பும் அடங்கும். ஆனால் அவை பங்கசை எதிர்த்து நம் உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளங்கள். சண்டையை நிறுத்திவிட்டால் பங்கசு சத்தமில்லாமல் பரவும். வளையத்தின் ஓரமும் அழிந்துவிடுவதால், பிறகு பார்க்கும் வைத்தியருக்கே அது எக்சிமா போலத் தெரியலாம்.

அக்காவை ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் படையின் ஓரத்தைப் பிளேடால் மெல்லச் சுரண்டி, அந்தத் தூளில் ஒரு திராவகம் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க அனுப்பினார். பங்கசின் இழைகள் தெரிந்தன. டியூபை நிறுத்தச் சொன்னார். நிறுத்தியதும் அரிப்பு கொஞ்ச நாள் கூடும், பயந்து பழையதை எடுத்துப் பூசிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தார். நிறையப் பரவியிருந்ததால் குளிசையும் கொடுத்தார். பிள்ளையின் கையில் ஒரே வட்டம் என்பதால் க்ளோட்ரிமசோல் கிறீம் மட்டும்: காலையும் மாலையும், தோலை நன்றாகத் துடைத்த பிறகு, வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியேயும் பூச வேண்டும். வட்டம் மறைந்த பிறகும் இரண்டு கிழமை தொடர வேண்டும். வீட்டில் எல்லோரையும் பார்த்து, இருப்பவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் மருந்து போடச் சொன்னார். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். க்ளோட்ரிமசோல் பங்கசு மருந்து. க்ளோபெட்டசோல் கடும் ஸ்டீரொயிட். பெயர் காதுக்கு ஒன்று போலக் கேட்கும், வேலை நேரெதிர். பெட்டாமெதசோன் என்று இருந்தாலும் ஸ்டீரொயிட்தான். "அரிப்புக்கு" என்று கேட்காதீர்கள். படையைக் காட்டி, "இதில் ஸ்டீரொயிட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். தலையில் முடி கொட்டி வட்டம் விழுந்த பிள்ளைக்குக் கிறீம் போதாது, குளிசை வேண்டும். அரிக்காமல், தொட்டால் உணர்வு குறைந்து வெளிறிய படை இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குக் கடைப் பக்கமே போகாமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து இலவசம், குணமாகும்.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். அந்த அக்கா கிளினிக்குக்குப் போன நாளில் அவருக்குப் பேர் இல்லை. பஸ் காசும் கைக்காசு. தோட்டத்து டிஸ்பென்சரியில் பங்கசுக் கிறீம் இருந்திருந்தால் முதல் வட்டத்தோடு முடிந்திருக்கும். சுத்தமில்லாததால் வருகிறது என்று தொழிலாளியைக் குறை சொல்வது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆனால் ஒரே படங்கைக் கொடுத்து ஈரத்தில் நிற்க வைப்பது யார்? துணி காய ஓர் இடம் இல்லாத லயத்தில் வைத்திருப்பது யார்?

அதனால் அடுத்த மழைக்கு முன் தோட்டக் கமிட்டிகள் மூன்றை எழுத்தில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கட்ட இரண்டாவது படங்கு. லயத்துக்கு ஒரு கூரை போட்ட துணி காயும் இடம். டிஸ்பென்சரியில் ஸ்டீரொயிட் கலக்காத பங்கசுக் கிறீமும், கிளினிக்குக்குத் துண்டு எழுதிப் போகிறவருக்கு அன்றைய பேரும். மாதர் பிரிவுத் தலைவிமார் இதை முன்னெடுத்தால்தான் பெண்கள் வாய் திறப்பார்கள். ஆண் தலைவர்களிடம் இடுப்புப் படையைப் பற்றி யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

அக்காவுக்கு முழுதாக ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தோலில் விழுந்த கோடுகள் மட்டும் இன்னும் போகவில்லை.